ஆயிரம் ரூபாய் 658 ஆன நாள்



மாதம் 500 ரூபாய். இன்று நான் பேச வந்த பொருள் இவ்வளவுதான். இந்த 500 ரூபாயை எங்கே போடுவது, எப்படிப் போடுவது, போட்ட பிறகு அதற்கு என்னென்ன நேரும்? இவற்றை மட்டும் பேசுவோம். மாதம் 500 ரூபாய் போட்டால் கோடீஸ்வரர் ஆகலாம் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்லும் விளம்பரங்களை நீங்கள் தினமும் கைபேசியில் பார்க்கிறீர்கள். அந்தக் கணக்கையும் இன்று நாமே போட்டுப் பார்த்துவிடலாம்.

முதல் கேள்வி: மாணவருக்கு ஏது 500 ரூபாய்? நியாயமான கேள்வி. உங்களில் பலர் அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்கள். 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. வேறு சிலர் சனி, ஞாயிறில் கேட்டரிங் வேலைக்குப் போகிறீர்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறீர்கள். அந்தப் பணம் முதலில் புத்தகத்துக்கு, பஸ்ஸுக்கு, தேர்வுக் கட்டணத்துக்கு, சாப்பாட்டுக்கு. அதை எடுத்து முதலீட்டில் போடு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. லோன் ஆப்பில் கடன் வாங்கி வட்டி கட்டிக்கொண்டிருப்பவர் அதை முதலில் அடைக்க வேண்டும். அந்த வட்டியை ஈடுகட்டும் முதலீடு எதுவும் எனக்குத் தெரியாது. இவை எல்லாம் போக மிஞ்சுகிறதே, அந்த 500 ரூபாயைப் பற்றித்தான் பேசுகிறேன். மிஞ்சவில்லையா? கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், வேலைக்குப் போன பிறகு உதவும்.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். வயது 18 முடிந்துவிட்டது, பி.காம். முதலாண்டு. மூன்றாண்டுப் படிப்பு முடியும் வரை மாதம் 500 ரூபாய் சேர்க்கிறார். 36 மாதம், 18,000 ரூபாய். அந்தப் பணத்தை எங்கே வைப்பது?

வங்கியில் ஆர்.டி. போடலாம். ஆண்டுக்கு 6 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டால், மூன்றாண்டு முடிவில் ஏறத்தாழ 19,750 ரூபாய் வரும். அதே பணத்தைப் பங்குச் சந்தை சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் போட்டு, ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தால் ஏறத்தாழ 20,900 ரூபாய். வித்தியாசம் எவ்வளவு? 1,150 ரூபாய். மூன்று வருடம் காத்திருந்ததற்கு 1,150 ரூபாய்! அதுவும் 10 சதவீதம் வளர்ந்தால்தான். வளராமலும் போகலாம், 18,000 என்பது 14,000 ஆகவும் நிற்கலாம். ஆர்.டி.யில் அந்தப் பயம் இல்லை. வங்கியே மூழ்கினாலும் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது.

ஆக, அந்தப் பணம் எதற்கு என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. மூன்றாம் ஆண்டு முடிந்ததும் எம்.பி.ஏ.வில் சேரக் கட்ட வேண்டிய பணமா? லேப்டாப் வாங்கவா? அக்காள் கல்யாணத்துக்கா? அப்படியென்றால் ஆர்.டி.யில் போடுங்கள், நிம்மதியாக இருங்கள். தேதி குறித்த செலவுக்கான பணத்தைச் சந்தையில் வைக்கக் கூடாது. சந்தைக்கு உங்கள் தேதி தெரியாது. பத்து வருடம் தொட வேண்டிய தேவை இல்லாத பணம் என்றால் மட்டும் அடுத்த வாசலைத் தட்டலாம்.

அந்த வாசலுக்குள் ஆயிரக்கணக்கில் திட்டங்கள் இருக்கின்றன. தொடங்குபவருக்கு ஒன்றே போதும் என்பது என் கருத்து: நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட். தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்களில் 50ஐத் தேர்ந்து, அவற்றின் சந்தை மதிப்பைக் கொண்டு கணக்கிடும் எண்தான் நிஃப்டி. 1995 நவம்பர் 3ஆம் தேதியை ஆரம்பமாக வைத்து, அன்றைய மதிப்பை 1,000 என்று கொண்டு கணக்கிடுகிறார்கள். இண்டெக்ஸ் ஃபண்ட் என்ன செய்கிறது? அந்த 50 பங்குகளையும் அதே விகிதத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறது. எந்தப் பங்கு ஏறும், எது இறங்கும் என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. பட்டியலை ஆண்டுக்கு இரண்டு முறை பரிசீலிப்பார்கள். சுருங்கிப்போன நிறுவனம் வெளியே போகும், வளர்ந்த நிறுவனம் உள்ளே வரும். 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளிப்பட்டபோது, சில நாட்களுக்குள் அதை நிஃப்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். சத்யம் பங்கை மட்டும் வைத்திருந்தவர் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் இழந்தார். இண்டெக்ஸ் ஃபண்ட் வைத்திருந்தவருக்கும் அடி விழுந்தது, ஆனால் ஐம்பதில் ஒன்றின் அடிதான் விழுந்தது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். இந்தப் பணம் குறையும். குறையலாம் என்று சொல்லவில்லை, குறையும் என்றே சொல்கிறேன். எப்போது என்று சொல்ல முடியாது, ஆனால் பத்து வருடம் இருந்தால் ஒரு முறையாவது கண்ணெதிரே குறைவதைப் பார்ப்பீர்கள். அன்று என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2020ஆம் ஆண்டு. கொரோனா வந்த வருடம். நீங்கள் அப்போது பள்ளியில் இருந்திருப்பீர்கள். அந்த ஜனவரியில் ஒரு மாணவி மாதக் கடைசியில் 500 ரூபாய் வீதம் போடத் தொடங்கினார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, நிஃப்டி எண்ணை 100ஆல் வகுத்து அதையே ஒரு யூனிட்டின் விலையாகக் கொள்வோம். ஜனவரி கடைசியில் நிஃப்டி 11,962. அதாவது ஒரு யூனிட் 119 ரூபாய் 62 காசு. 500 ரூபாய்க்கு 4.18 யூனிட் கிடைத்தது. பிப்ரவரி கடைசியில் நிஃப்டி 11,202. 500 ரூபாய்க்கு 4.46 யூனிட். இரண்டு மாதத்தில் 1,000 ரூபாய் போட்டாயிற்று, கையில் 8.64 யூனிட் இருக்கிறது.

மார்ச் 23, திங்கட்கிழமை. ஒரே நாளில் சந்தை 13 சதவீதம் விழுந்தது. நிஃப்டி 7,610இல் முடிந்தது. அன்று மாலை அந்த மாணவி ஆப்பைத் திறக்கிறார். போட்டது 1,000. திரையில் காட்டுவது 658. மூன்று மாதம்கூட ஆகவில்லை, மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வீட்டில் என்ன சொல்வார்கள்? “நான்தான் அப்பவே சொன்னேனே, பேசாமல் போஸ்ட் ஆபீஸில் போடு என்று!” தொலைக்காட்சியைப் போட்டால் ஊரடங்கு. யாருக்கும் வேலை இருக்குமா என்றே தெரியாத நேரம். உங்களைக் கேட்கிறேன்: அன்று நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

மூன்று வழி இருந்தது. முதல் வழி, இருக்கிற 658ஐயாவது காப்பாற்றலாம் என்று விற்றுவிட்டு வருவது. அப்படி விற்றவருக்கு 342 ரூபாய் நஷ்டம், நிரந்தரமாக. அதுவரை அது திரையில் இருந்த எண்தான். விற்ற பிறகுதான் உண்மையான நஷ்டம் ஆனது.

இரண்டாவது வழி, எதையும் கண்டுகொள்ளாமல் மாதாமாதம் போட்டுக்கொண்டே இருப்பது. மார்ச் கடைசியில் நிஃப்டி 8,598இல் இருந்தது, அதே 500 ரூபாய்க்கு 5.82 யூனிட் கிடைத்தது. ஏப்ரல் கடைசியில் 5.07, மே கடைசியில் 5.22. தக்காளி விலை இறங்கிய வாரத்தில் அதே பணத்துக்குக் கூடுதலாக ஒரு கிலோ கிடைக்கிறதே, அதுதான் இங்கேயும் நடந்தது. டிசம்பர் வரை பன்னிரண்டு மாதம் போட்டவர் கையில் 54.68 யூனிட் சேர்ந்தது. டிசம்பர் 31 அன்று நிஃப்டி 13,982. போட்ட பணம் 6,000. மதிப்பு 7,645.

மூன்றாவது வழிதான் பெரும்பாலோர் போகிற வழி. விற்கவும் இல்லை, தொடரவும் இல்லை. “நிலைமை தெளியட்டும், பிறகு போடுவோம்” என்று நிறுத்திவைக்கிறோம். கேட்பதற்கு விவேகமாகத்தான் இருக்கிறது, இல்லையா? இந்த வழியில் போன மாணவி மார்ச் முதல் அக்டோபர் வரை எட்டு மாதப் பணத்தை, 4,000 ரூபாயை, சேமிப்புக் கணக்கிலேயே வைத்திருந்தார். நவம்பரில் சந்தை பழைய உயரத்தைத் தாண்டியது. பயம் போய்விட்டது. 4,000 ரூபாயையும் நவம்பர் தவணை 500ஐயும் சேர்த்து 4,500 ரூபாயாக மாதக் கடைசியில் போட்டார். அப்போது நிஃப்டி 12,969. டிசம்பர் தவணையையும் தவறாமல் போட்டார். ஆண்டு முடிவில் அவரும் அதே 6,000 ரூபாய்தான் போட்டிருந்தார். மதிப்பு? 6,560. தொடர்ந்து போட்டவரைவிட 1,085 ரூபாய் குறைவு. நிலைமை தெளிந்தது என்று நமக்குத் தெரியும்போது விலையும் ஏறிவிட்டிருக்கிறது. மலிவாக இருந்த மாதங்களில் அவர் வாங்கவே இல்லை.

இந்தக் கணக்கில் ஃபண்டின் செலவையும், நிறுவனங்கள் தரும் டிவிடெண்டையும் சேர்க்கவில்லை. உண்மையான ஃபண்டில் எண்கள் சற்று மாறும், கதை மாறாது.

உடனே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2020 நமக்கு இரக்கம் காட்டிய வருடம். விழுந்த சந்தை எட்டு மாதத்தில் எழுந்தது. எப்போதும் அப்படி நடக்காது. 2008 ஜனவரியில் 6,300ஐ ஒட்டியிருந்த நிஃப்டி அதே ஆண்டு அக்டோபரில் 2,500க்கு வந்தது. பத்தில் ஆறு பங்கு போயிற்று. 2010 நவம்பரில் ஒரு முறை பழைய உயரத்தைத் தொட்டுவிட்டு மறுபடி இறங்கியது. நிலையாகத் தாண்ட 2014 ஆயிற்று. ஆறு வருடம்! ஜப்பானில் 1989 இறுதியில் உச்சத்தில் இருந்த நிக்கெய் குறியீடு, அந்த உயரத்தை மறுபடி எட்ட 2024 வரை ஆனது. பத்து வருடம் தேவைப்படாத பணம் என்று நான் சொன்னது இதனால்தான். பத்து வருடம் பொறுத்தாலும் லாபம் நிச்சயம் என்று யாராவது எழுதிக் கொடுத்தால், அந்தக் காகிதத்தை நம்பாதீர்கள். வாய்ப்பு அதிகம் என்று சொல்லலாம். அதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது.

சரி, அப்படியென்றால் எதற்கு இப்போதே தொடங்க வேண்டும்? விளம்பரக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 500 ரூபாய், 30 வருடம், ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ச்சி. கிடைப்பது 10 லட்சத்து 40 ஆயிரம். நாம் போட்டது 1 லட்சத்து 80 ஆயிரம்தான். பிரமாதம் என்று தோன்றுகிறது. ஆனால் 30 வருடத்துக்கு விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இன்று 100 ரூபாய்க்கு வாங்கும் பொருள் அன்று 574 ரூபாய். அந்த 10 லட்சத்து 40 ஆயிரத்தைக் கொண்டு அன்று வாங்கக்கூடியதை இன்று 1 லட்சத்து 81 ஆயிரத்துக்கு வாங்கிவிடலாம். 30 வருடக் காத்திருப்புக்குப் பிறகு இவ்வளவுதான். 500 ரூபாய் 500 ரூபாயாகவே நின்றால் அதனால் வாழ்க்கை மாறாது. இதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால்தான் நான் சொல்கிறேன்.

இந்த வயதில் 500 ரூபாய் உங்களுக்குத் தருவது வேறொன்று. ஆயிரம் ரூபாய் 658 ஆவதை இப்போதே பார்த்துவிடுகிறீர்கள். போனது 342 ரூபாய். வயிறு கலங்கும், ஆனால் குடும்பம் கலங்காது. இதே அனுபவம் முதன்முறையாக 40 வயதில் வந்தால்? பிள்ளையின் படிப்புக்கென்று சேர்த்த 10 லட்சம் 6 லட்சத்து 58 ஆயிரமாக நிற்கும் மாலையில், அதுவரை ஒரு வீழ்ச்சியையும் பார்த்திராதவர் நிதானமாக இருக்க முடியுமா? முடியாது. விற்றுவிடுவார். ஆனால் கல்லூரியிலேயே ஒரு வீழ்ச்சியைப் பார்த்து, கைவைக்காமல் இருந்து, அது எழுவதையும் பார்த்தவருக்கு அந்த மாலை புதிதல்ல. வேலை கிடைத்து 500 ரூபாய் 3,000 ஆகும், 3,000 ரூபாய் 10,000 ஆகும். அந்தப் பெரிய பணத்தைப் பாதுகாக்கும் பழக்கத்தை இந்தச் சின்னப் பணத்தில் கற்றுக்கொள்கிறீர்கள்.

இனி, செய்யும் முறை. முதலில் பான் கார்டு, ஆதார், உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு. இவற்றைக் கொண்டு கே.ஒய்.சி. முடிக்க வேண்டும். கைபேசியிலேயே முடித்துவிடலாம் என்பார்கள். முடியும்தான், ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் தடுக்கி நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது: இனிஷியல். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும், மதிப்பெண் பட்டியலில் முன்னால் இருக்கும், பான் கார்டிலோ அப்பா பெயரை முழுதாக விரித்து எழுதியிருப்பார்கள். வங்கிக் கணக்கில் இனிஷியலே இருக்காது. கணினிக்கு இவை நான்கு வெவ்வேறு ஆட்கள். விண்ணப்பம் திரும்பி வரும், அல்லது பாதியில் நிற்கும். ஆகவே விண்ணப்பிக்கும் முன் நான்கையும் மேசையில் வரிசையாக வைத்து, பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மாறுபாடு இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். சில வாரம் ஆகலாம். ஆகட்டும், முதலீடு எங்கும் ஓடிவிடாது. இந்தத் திருத்தம் நாளைக்கு வேலையில் சேரும்போது பி.எஃப். கணக்குக்கும் உதவும்.

அடுத்து, திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் திரை. ஒரே ஃபண்டின் பெயர் அங்கே இரண்டு முறை தெரியும். ஒன்றில் Regular என்று இருக்கும், இன்னொன்றில் Direct என்று இருக்கும். இரண்டிலும் உள்ளே இருப்பது அதே 50 பங்குகள்தான். ரெகுலரில் உங்களைச் சேர்த்துவிடும் முகவருக்கான கமிஷன் ஆண்டுதோறும் உங்கள் பணத்திலிருந்து போகும். டைரக்டில் அது கிடையாது. 2013 ஜனவரி முதல் எல்லா ஃபண்ட் நிறுவனங்களும் டைரக்ட் பிளான் தந்தாக வேண்டும் என்பது விதி. உங்களுக்குப் பக்கத்தில் இருந்து வழிகாட்டி, வீழ்ச்சி நாளில் கையைப் பிடித்து நிறுத்தும் நல்ல முகவர் இருந்தால் அந்தக் கமிஷன் நியாயமானது. அப்படி யாரும் இல்லாமல் நீங்களே ஆப்பில் விரலால் தட்டிச் சேரும்போது எதற்குக் கமிஷன்?

செலவாக ஆண்டுக்கு ஒரு சதவீதம் போனால்தான் என்ன என்று கேட்பீர்கள். சற்று முன் போட்ட 30 வருடக் கணக்கை மறுபடி எடுங்கள். 10 சதவீதம் வளர்ந்தால் 10 லட்சத்து 40 ஆயிரம். செலவாக ஒரு சதவீதம் போய் 9 சதவீதமே வளர்ந்தால் 8 லட்சத்து 57 ஆயிரம். வித்தியாசம் 1 லட்சத்து 83 ஆயிரம். 30 வருடமாக நீங்கள் போட்ட மொத்தப் பணமே 1 லட்சத்து 80 ஆயிரம்தான்! ஒரு சதவீதம் என்பது நீங்கள் போட்டது முழுவதையும்விட அதிகம். நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டின் டைரக்ட் பிளானில் ஆண்டுச் செலவு அரை சதவீதத்துக்கும் நன்றாகக் கீழே இருக்கும். திரையில் expense ratio என்ற இடத்தில் பாருங்கள். கூடவே Growth என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் லாபம் வெளியே வராமல் உள்ளேயே இருந்து வளரும்.

பிறகு தேதி. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் மாணவர்கள் பணம் இழப்பது இங்கேதான். மாதாமாதம் 500 ரூபாயை எடுத்துக்கொள்ள வங்கிக்கு நீங்கள் அனுமதி கொடுக்கிறீர்கள், மேண்டேட் என்பார்கள். அந்தத் தேதியில் கணக்கில் 500 ரூபாய் இல்லாவிட்டால் ஃபண்ட் நிறுவனம் அபராதம் போடாது. வங்கி போடலாம். மேண்டேட் திரும்பினால் 250 ரூபாயும் அதற்கு மேல் ஜி.எஸ்.டி.யும் பிடிக்கும் வங்கிகள் உண்டு. 500 ரூபாய்த் தவணைக்கு 295 ரூபாய் போய்விடும்! அதை ஈடுகட்ட எத்தனை வருட வளர்ச்சி வேண்டும்? உங்களுக்கு உதவித்தொகையோ சம்பளமோ வழக்கமாக வரும் நாளிலிருந்து ஒரு வாரம் தள்ளித் தேதி வையுங்கள். பணம் நாலு நாள் பின்னே வந்தாலும் தவணை தப்பாது. விடுமுறை மாதங்களில் பணம் வராது என்று தெரிந்தால் ஆப்பில் முன்கூட்டியே தவணையை நிறுத்திவையுங்கள். பல ஃபண்டுகளில் அந்த வசதி இருக்கிறது. மாதத் தவணை தொடர்ந்து மூன்று முறை தவறினால், எஸ்.ஐ.பி. என்னும் இந்தத் தவணைத் திட்டம் தானாகவே ரத்தாகும். ஆனால் அதுவரை போட்ட பணத்துக்கு ஒன்றும் ஆகாது, அது உங்கள் யூனிட்டாகவே இருக்கும்.

ஆப் மூடிவிட்டால் பணம் என்ன ஆகும் என்று பலர் பயப்படுகிறார்கள். உங்கள் யூனிட் ஆப்பில் இல்லை. அது ஃபண்ட் நிறுவனத்தின் கணக்கில், உங்கள் பான் எண்ணின் கீழ், ஃபோலியோ எண்ணோடு இருக்கிறது. அந்தப் பதிவேட்டைப் பராமரிப்பவை தனி நிறுவனங்கள். அவற்றில் பெரியதான கேம்ஸ் நம் சென்னையில்தான் இருக்கிறது. மாதாமாதம் மின்னஞ்சலில் கணக்கு அறிக்கை வரும். ஆப் காட்டுவதும் அந்த அறிக்கை காட்டுவதும் ஒன்றா என்று அவ்வப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். ஆப்பில் யூனிட் இருந்து, அறிக்கையில் இல்லையென்றால் உங்கள் பணம் ஃபண்டுக்குப் போகவே இல்லை என்று பொருள்.

அதிலிருந்து ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்ஆப் குழுவில் சேர்ப்பார்கள், டெலிகிராமில் சேர்ப்பார்கள். மாதம் 5 சதவீதம், 10 சதவீதம் என்பார்கள். ஒரு தனி ஆளின் பெயரில் உள்ள கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். ஃபண்டுக்கான பணம் எந்தத் தனிநபர் கணக்குக்கும் போகாது. செபியில் பதிவு பெற்ற நிறுவனங்களுக்கு இப்போது தனி யு.பி.ஐ. முகவரி கொடுத்திருக்கிறார்கள். அதில் @ குறிக்குப் பின்னால் @valid என்று தொடங்கி வங்கியின் பெயர் வரும். பணம் அனுப்பும் முன் அதைப் பாருங்கள்.

இன்னொன்று இன்னும் வருத்தமானது, ஏனென்றால் அது சட்டப்படியே நடக்கிறது. எஃப் அண்ட் ஓ வர்த்தகம். காலையில் 5,000 ரூபாய் போட்டு மாலையில் 15,000 எடுத்த படத்தை உங்கள் நண்பர் ஸ்டேட்டஸில் வைத்திருப்பார். செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களின் கணக்குகளைப் பார்த்தார்கள். 100 பேரில் 93 பேர் நஷ்டம். நஷ்டப்பட்டவர் ஒருவருக்குச் சராசரியாக ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். 2023-24இல் அந்த வர்த்தகத்தில் இருந்தவர்களில் 43 சதவீதம் பேர் 30 வயதுக்கும் கீழ்! உங்கள் அண்ணன்மார், அக்காமார். அந்த 2 லட்சம் யார் வீட்டுப் பணம் என்று நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை. இண்டெக்ஸ் ஃபண்ட் தொடங்கும் அதே ஆப்பில், அடுத்த பொத்தானிலேயே அந்த வாசலும் இருக்கிறது. அதைத் திறக்க வருமான ஆதாரம் கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்ததும் திரும்பிவிடுங்கள்.

நடுவில் பணம் தேவைப்பட்டால்? எடுக்கலாம், தவறே இல்லை. பெரும்பாலான நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டுகளில் எடுப்பதற்குக் கட்டணம் இல்லை, இருந்தாலும் சில நாட்களுக்குத்தான். விற்றால் இரண்டு மூன்று வேலை நாளில் உங்கள் வங்கிக் கணக்குக்கே வந்துவிடும். ஒரு வருடம் தாண்டிய யூனிட்டில் ஓராண்டில் வரும் லாபம் 1 லட்சத்து 25 ஆயிரம் வரை வரி கிடையாது. மாணவர்கள் யாரும் அந்த எல்லையை நெருங்கப் போவதில்லை.

முதல் சம்பளம் வந்த மாதமே அந்த 500ஐக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறை சம்பளம் உயரும்போதும் கூட்டுங்கள். ஆனால் அதற்கு முன் மூன்று மாதச் செலவுக்கான பணத்தை ஆர்.டி.யிலோ சேமிப்புக் கணக்கிலோ தனியாக வைத்துவிடுங்கள். வேலை போய், சந்தையும் விழுந்து கிடக்கும் மாதத்தில் அந்தப் பணம்தான் உங்கள் யூனிட்டை விற்கவிடாமல் காப்பாற்றும்.

கடைசியாக ஒரு வேலை. கணக்கைத் தொடங்கும்போது வாரிசு நியமனம் கேட்பார்கள். 18 வயதில் எதற்கு என்று தாண்டிப் போகாதீர்கள். அம்மா பெயரோ அப்பா பெயரோ எழுதுங்கள். எந்த ஃபண்ட், என்ன ஃபோலியோ எண் என்பதை வீட்டில் ரேஷன் கார்டு வைத்திருக்கும் கோப்பில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பலரின் பணம் வீட்டாருக்கே தெரியாமல் உரிமை கோரப்படாமல் கிடக்கிறது. உங்களுடையது அதில் சேர வேண்டாம்.

பெயர் ஒத்துப்போகாத ஆவணம் இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் இங்கேயே வாருங்கள், எதை முதலில் திருத்துவது என்று சேர்ந்து பார்ப்போம்.